காகித லேசர் வடிவம் அறுந்து விழாமல் நிற்குமா? வெட்டுவதற்கு முன்பே கணிப்பது எப்படி

லேசரில் வெட்டுவதற்கான ஒரு காகித வடிவத்தைத் திரையில் பார்க்கும்போது நம் கண் கோடுகளைத்தான் பார்க்கிறது. இலை எவ்வளவு நுணுக்கம், கொடி எப்படி வளைகிறது என்று ரசித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் கோடு என்பது காகிதம் எரிந்து காணாமல் போகும் இடம். கையில் வருவது கோடுகளுக்கு நடுவே மிஞ்சுகிற காகிதம். அது ஒரே துண்டாக மிஞ்சுமா, தூக்கினால் தாங்குமா என்பதை வெட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் கணித்துவிடலாம். ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு அதையே முழுக்கச் சோதித்துப் பார்ப்போம்.

அதற்கு முன் இரண்டு சொற்கள். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் ஒடுக்கமான காகிதத்தைப் பாலம் என்கிறேன். எந்தப் பாலமும் இல்லாமல், சுற்றிலும் வெட்டுப்பட்டு நிற்கும் துண்டு தீவு. தீவு விழுந்துவிடும், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பாலம் விழலாம், விழாமலும் இருக்கலாம். வேலையெல்லாம் பாலத்தில்தான் இருக்கிறது.

நாம் பார்க்கப்போகும் வடிவம் இது. 140 மி.மீ. விட்டமுள்ள வட்டச் சட்டம். சட்டத்தின் அகலம் 6 மி.மீ. அடியிலிருந்து ஒரு மரம் எழும்புகிறது. வலப்பக்கக் கிளை 45 மி.மீ. நீளம், நுனியில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. கிளை முழுக்கச் சின்னச் சின்ன இலைகள், ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. காம்பில். இடப்பக்கக் கிளையிலிருந்து ஓர் ஊஞ்சல் தொங்குகிறது, கயிறுகள் 0.5 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம். மேலே இடப்புறம் 22 மி.மீ. நிலா, கிளையை ஒரே ஓர் இடத்தில் தொட்டபடி. சட்டத்தின் ஓரமாக இன்னொரு பறவை பறக்கிறது, சிறகு நுனி சட்டத்தில் படுகிறது. அடியில் ‘வணக்கம்’ என்ற எழுத்துகள் ஒரு பட்டையின் மேல் நிற்கின்றன. காகிதம் 240 ஜிஎஸ்எம் அட்டை, தடிமன் சுமார் 0.3 மி.மீ. பின்னால் எதையும் ஒட்டப்போவதில்லை. நூல் கட்டித் தொங்கவிடப் போகிறோம்.

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். இதே வடிவத்தை வேறு நிற அட்டையின் மேல் ஒட்டிவிடப் போகிறோம் என்றால் தீர்ப்பே மாறிவிடும். ஒட்டியபின் பாலத்துக்கு வேலை கிடையாது. எந்திரத்திலிருந்து எடுத்து ஒட்டி முடிக்கும் வரை உயிரோடு இருந்தால் போதும். தீவைக்கூடத் தனியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். தொங்கும் வேலைக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் ஒரு வடிவத்தை யாராவது காட்டி “இது சரியா?” என்று கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது “இதை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்பதுதான்.

ஒரே துண்டா?

சரி, முதல் கேள்வி: எல்லாமே சட்டத்தோடு சேர்ந்திருக்கிறதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முயல வேண்டாம். கண் ஏமாறும். வெட்டுக் கோப்பில் இருப்பவை வெறும் மெல்லிய கோடுகள். எது காகிதம், எது ஓட்டை என்பதே அதில் தெரியாது. ஆகவே கோடுகளை நிரப்பிய வடிவமாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் செய்வதாக வைத்துக்கொள்வோம். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தேர்ந்து `Path > Combine` கொடுங்கள். பிறகு கறுப்பு நிரப்புங்கள். `Fill` தாவலின் மூலையில் நிரப்பும் விதிக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கும். உள்ளே இருக்கும் வடிவங்களை ஓட்டையாக்கும் பொத்தானை அழுத்துங்கள். இப்போது வெளிவட்டத்துக்குள் கறுப்பு, அதற்குள் இருக்கும் வடிவம் வெள்ளை, அதற்குள்ளும் ஒன்று இருந்தால் மறுபடி கறுப்பு என்று மாறி மாறி வரும். கறுப்பு காகிதம், வெள்ளை ஓட்டை. கோடாக இருந்தபோது தெரியாத பலதும் இப்போது தெரியும்.

இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் தீவுகளை மட்டும் காட்டுவதில்லை, கோப்பில் இருக்கும் வேறு கோளாறுகளையும் காட்டிக்கொடுக்கிறது. ஓட்டையாக இருக்க வேண்டிய இடம் கறுப்பாகவே நின்றால், அந்தக் கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை இருக்கிறது என்று அர்த்தம். லேசர் அதை இரண்டு முறை வெட்டும். பக்கத்துப் பாலம் இரண்டு முறை சூடாகும். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு நேர்வெட்டு நிரப்பல் தெரிந்தால், அங்கே ஒரு பாதை மூடப்படாமல் திறந்து கிடக்கிறது.

மூன்றாவது கோளாறுதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் கவிழ்ப்பது. நம் வடிவத்தில் சட்டத்தோரப் பறவையைப் பாருங்கள். வரைந்தவர் பறவையைக் கொண்டுபோய்ச் சிறகு நுனி சட்டத்தின் மேல் ஏறும்படி வைத்திருக்கிறார். நிறம் நிரப்பிய வரைபடத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆனால் கோப்பில் பறவையின் எல்லைக்கோடு முழுதாக இருக்கிறது, சட்டத்தின் உள்வட்டமும் முழுதாக இருக்கிறது. லேசருக்குச் சட்டமும் தெரியாது, பறவையும் தெரியாது. இரண்டு கோடுகளையும் முழுக்கப் போய்விட்டு வரும். பறவை அறுந்து விழுந்துவிடும், சட்டத்தில் சிறகு நுனி அளவுக்கு ஒரு கடி விழும். மேலே சொன்ன படத்தில் இந்த மேற்படிவு இடம் நிறம் மாறி வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மூலக் கோப்புக்குப் போய், சட்டத்தின் இரண்டு வட்டங்களையும் நடுவில் ஓட்டையுள்ள ஒரே வளையமாக்கிவிட்டு, அதையும் பறவையையும் `Path > Union` மூலம் ஒரே வடிவமாக்க வேண்டும். சேர்ந்தபின் அந்த இடத்தில் குறுக்கே கோடே இருக்கக் கூடாது. `View > Display Mode > Outline` பார்வையில் போய்ப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

இதையெல்லாம் சரிசெய்தபின் படத்தை 600 டிபிஐயில் `PNG` ஆக ஏற்றுமதி செய்யுங்கள். இந்த அளவில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 24 புள்ளிகள். ஏதாவது ஒரு படச் செயலியில் திறந்து, வாளி போன்ற நிரப்புக் கருவியை எடுத்து, சட்டத்தின் மேல் சிவப்பை ஊற்றுங்கள். நிற வேறுபாட்டைப் பொறுக்கும் அளவை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, காகிதம் வழியாக மட்டுமே பரவும். சட்டத்திலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து இலைக்கு. பரவி முடிந்தபின் எங்கெல்லாம் கறுப்பு மிஞ்சியிருக்கிறதோ அதெல்லாம் கீழே விழப்போகும் துண்டுகள்.

நம் வடிவத்தில் இரண்டு கறுப்புகள் மிஞ்சுகின்றன: ‘வணக்கம்’ என்பதில் உள்ள இரண்டு புள்ளிகள். எழுத்துகளைக் காகிதமாக நிறுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி எப்போதுமே தீவுதான். தமிழ் எழுத்தை வெட்டும் யாருக்கும் இது முதல் பொறி. எழுத்துகளை ஓட்டையாக வெட்டினால் பிரச்சினை தலைகீழாகிவிடும்: புள்ளி வெறும் துளையாகிவிடும், தொல்லையில்லை, ஆனால் வ, ண, க ஆகியவற்றின் சுழிக்குள்ளே இருக்கும் காகிதம் தீவாகிவிடும். எது குறைந்த தொல்லையோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். ‘வணக்கம்’ என்பதில் சுழிகள் நிறைய, புள்ளிகள் இரண்டுதான்; அதனால் எழுத்தைக் காகிதமாகவே வைத்து, இரண்டு புள்ளிகளையும் சற்றே கீழிறக்கி, எழுத்தின் தலையோடு 1.2 மி.மீ. கழுத்தில் ஒட்டிவிடுவது எளிது. படிக்கும்போது அந்தக் கழுத்து உறுத்தவே உறுத்தாது.

எவ்வளவு மிஞ்சும்?

இப்போது எல்லாம் சிவப்பு. அதாவது எல்லாம் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு மயிரிழையில் சேர்ந்திருந்தாலும் சிவப்பு பரவிவிடும். அதனால் அடுத்த கேள்வி பாலத்தின் அகலம்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லேசர் கதிருக்கு என்று ஓர் அகலம் உண்டு. காகிதத்தில் அது விட்டுச்செல்லும் வெட்டின் அகலம் பொதுவாக 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும், குவியம் சரியில்லை என்றாலோ வேகம் குறைவு என்றாலோ இன்னும் கூடும். கதிரின் நடுப்பகுதி நம் கோட்டின் மேல் போகிறது. ஆகவே கோட்டின் இரு பக்கமும் பாதிப் பாதி எரிந்துபோகும். ஒரு பாலத்துக்கு இரண்டு பக்கமும் கோடு உண்டு. இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி என்று மொத்தம் ஒரு முழு வெட்டு அகலம் பாலத்திலிருந்து போய்விடுகிறது. வெட்டு அகலம் 0.15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நம் ஊஞ்சல் கயிறு 0.5 என்று வரைந்தது 0.35 ஆகிவிடும். காகிதத்தின் தடிமனே 0.3. அதாவது கயிறு என்பது குறுக்கே பார்த்தால் கிட்டத்தட்ட சதுரமான ஒரு காகித இழை. அதன் இரண்டு ஓரமும் வெந்து பழுப்பாகி, நார்கள் மொறுமொறுவென்று பலம் இழந்திருக்கும். உண்மையில் இழுவையைத் தாங்குவது நடுவில் இருக்கும் இன்னும் கொஞ்சம் குறைந்த அகலம்தான்.

அகலப் பாலத்துக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே அல்ல. 3 மி.மீ. பட்டையில் 0.15 போனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒல்லியான பாலத்தில்தான் அதே 0.15 மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. சில லேசர் செயலிகளில் இதை ஈடுகட்டக் கோட்டைச் சற்றுத் தள்ளி வெட்டும் வசதி உண்டு. லைட்பர்னில் அது `Kerf Offset`. அது அளவைத் திரும்பத் தரும், வெந்த ஓரத்தைத் திரும்பத் தராது.

ஒவ்வொரு பாலத்தையும் அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம். ஓர் எளிய வழி இருக்கிறது. நிரப்பிய கறுப்பு வடிவத்துக்கு வெள்ளை நிறத்தில் எல்லைக்கோடு கொடுங்கள். `Stroke style` தாவலில் அதன் அகலத்தை 1 மி.மீ. என்று வையுங்கள். எல்லைக்கோடு, பாதையின் நடுவில் அமர்ந்து இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் படரும். பாலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அரை, அந்தப் பக்கத்திலிருந்து அரை என்று 1 மி.மீ. வெள்ளையாகிவிடும். ஆகவே 1 மி.மீ.க்குக் குறைவான பாலம் எல்லாம் திரையிலிருந்து மறைந்துவிடும். எல்லைக்கோட்டின் அகலம் எவ்வளவோ அதுதான் சோதனையின் வரம்பு, கணக்கு அவ்வளவுதான். இந்தப் படத்தை மறுபடி ஏற்றுமதி செய்து மறுபடி சிவப்பை ஊற்றுங்கள். இந்த முறை கறுப்பாகத் தனித்து நிற்பவையும், ஆளே காணாமல் போனவையும் ஒல்லிப் பாலங்களை நம்பி வாழ்கிறவை.

ஏன் 1 மி.மீ.? இந்தத் தடிமன் அட்டையில், கையளவு வேலையில், நான் கவலைப்படாமல் கடந்துபோகும் அளவு அது. 0.7க்கும் 1க்கும் நடுவே இருப்பவற்றை நின்று பார்ப்பேன். 0.5க்குக் கீழே இருந்தால் காரணம் கேட்பேன். மெல்லிய தாளாக இருந்தால் வரம்பை 1.2, 1.5 என்று ஏற்றிவைப்பது நல்லது. இதெல்லாம் தொடங்குவதற்கான எண்கள். உங்கள் எந்திரமும் உங்கள் தாளும் சொல்வதுதான் கடைசிப் பேச்சு.

நம் வடிவத்துக்கு இந்தச் சோதனையைப் போட்டால் காட்சி கொஞ்சம் பயமுறுத்தும். இலைகள் எல்லாம் காம்பற்றுப் பறக்கின்றன. ஊஞ்சல் கயிறு இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. நிலா கிளையை விட்டுப் பிரிந்துவிட்டது. ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. பாலத்தை எல்லாம் குண்டாக்கிவிட்டால் வடிவம் கெட்டுவிடும். ஒவ்வொன்றிலும் அந்தப் பாலம் என்ன சுமக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இலை 5 மி.மீ. நீளம், எடை ஒன்றுமே இல்லை, காம்பு 1 மி.மீ. நீளம். இதன் ஆபத்து எடையில் இல்லை, கை பட்டுச் சிக்குவதில் இருக்கிறது. காம்பைக் குண்டாக்கினால் அசிங்கமாக இருக்கும். அதைவிட, இலையின் அடிப்பாகத்தைக் கிளைக்குள் தள்ளி `Union` செய்துவிட்டால் காம்பே வேண்டாம்; சேரும் இடம் தானாக 1.5 மி.மீ. ஆகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது இன்னும் இலையாகத்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்து இலைகளின் நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் இன்னும் நல்லது. ஓர் இடம் அறுந்தாலும் இலை இன்னொன்றில் தொங்கிக்கொள்ளும்.

நிலா வேறு கதை. அதன் பாலம் 0.7. அதை 2 ஆக்கினால்கூட நிலா நேராக நிற்காது. ஒரே இடத்தில் பிடித்த துண்டு, கீல் போட்ட கதவைப்போல முன்னும் பின்னும் ஆடும். எதிரெதிராக இரண்டு இடத்தில் பிடித்தால் அந்த இரண்டையும் சேர்க்கும் கோட்டை அச்சாக வைத்துத் திருகும். மூன்று இடத்தில், சுற்றிலும் பரவலாகப் பிடித்தால்தான் அது காகிதத்தின் தளத்திலேயே நிற்கும். எனவே நிலாவுக்குக் கீழே கிளை ஒரு பிடி, இடப்பக்கம் சட்டம் ஒரு பிடி, வலப்பக்கம் மேலே ஒரு மேகக் கீற்று வரைந்து அது சட்டத்தில் போய்ச் சேர்ந்தால் மூன்றாவது பிடி. மேகம் அழகுக்கு வந்ததுபோல இருக்கும், வேலையையும் பார்க்கும். காகித வெட்டில் தேர்ந்தவர்களின் வடிவங்களில் கொடியும் மேகமும் புல்லும் நிறைய வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். பாதிக்கு மேல் அவை மாறுவேடம் போட்ட பாலங்கள்.

ஊஞ்சல்தான் இருப்பதிலேயே மோசம். ஒல்லியும் சேர்ந்து நீளமும். கயிற்றை 1.2 மி.மீ. ஆக்கலாம், அப்போதும் 30 மி.மீ. நீளத்துக்கு இரண்டு இழைகளில் பலகை முன்பின்னாக ஆடிக்கொண்டே இருக்கும். எந்திரத்திலிருந்து எடுக்கும்போதே முறுக்கிக்கொள்ளும். அடியிலிருந்து இரண்டு புல் நுனிகளை உயர்த்திப் பலகையின் அடியைத் தொடவைத்துவிட்டால் அது நான்கு இடத்தில் பிடிபட்டுவிடும். இல்லை, ஊஞ்சல் காற்றில் தொங்குவதாகவே தெரிய வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், கயிற்றின் நீளத்தைப் பாதியாக்கிவிடுவது நேர்மையான வழி.

சோதனையில் தேறியும் தோற்பவை

வெள்ளை எல்லைக்கோடு சோதனை அகலத்தை மட்டும்தான் பார்க்கும். நம் வடிவத்தில் அது கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்று இருக்கிறது: வலப்பக்கக் கிளை. அது எங்குமே 1.2 மி.மீ.க்குக் குறையவில்லை, அதனால் அழகாகத் தேறிவிட்டது. ஆனால் 45 மி.மீ. நீளத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது, நுனியில் பறவை வேறு. ஒரு பக்கம் பிடித்த பட்டையின் நுனியில் ஒரே சுமையை வைத்தால், நீளம் இரண்டு மடங்கானால் தொங்கல் எட்டு மடங்காகும். 20 மி.மீ. கிளையில் தெரியாத தொங்கல் 45 மி.மீ. கிளையில் பத்து மடங்குக்கு மேல் போய் நன்றாகவே தெரியும். பட்டையின் அகலத்தைக் கூட்டினால் முன்பின் வளைவு அதே விகிதத்தில்தான் குறையும், அதாவது அகலம் இரண்டு மடங்கானால் தொங்கல் பாதிதான் ஆகும். எட்டு மடங்கை அகலத்தால் துரத்திப் பிடிக்க முடியாது. நீளத்தை உடைத்தாக வேண்டும். இங்கே அதற்குச் சுலபமான வழி, கிளை நுனியைச் சட்டம் வரை நீட்டித் தொடவைப்பது. இரண்டு பக்கமும் பிடித்த கிளையும் ஒரு பக்கம் பிடித்த கிளையும் வேறு வேறு பொருள்கள்.

நான் பழக்கமாகச் செய்வது: ஒரு பாலத்தின் மேல் விரலை வைத்து, இது அறுந்தால் எது எது போகும் என்று கேட்பது. இலையில் அறுந்தால் ஓர் இலை போகும்; போகட்டும். மரத்தின் அடியில் அறுந்தால் பாதிப் படம் போய்விடும். நிறையச் சுமக்கும் பாலத்துக்கு 1 மி.மீ. என்ற வரம்பு போதாது. 3, 4 என்று தாராளமாக இருக்கட்டும். அதுபோல, ‘வணக்கம்’ நிற்கும் பட்டை சட்டத்தின் இரு பக்கமும் சேரும் இடம் 2 மி.மீ. தான் இருந்தது. எழுத்து அத்தனையும் அதில்தான் நிற்கிறது என்பதால் அதை 4 ஆக்குவேன்.

கூர்மையான உள்மூலைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளைகள் பிரியும் கவடு கத்தி முனைபோல இருந்தால் கிழிசல் அங்கேதான் தொடங்கும். லேசர் தலை கூர்மையான திருப்பத்தில் வேகம் குறைத்துத் திரும்புவதால், அந்த மூலை கூடுதலாக வேகவும் செய்யும். அரை மில்லிமீட்டர் ஆரத்தில் மூலையை உருட்டிவிட்டால் இரண்டும் குறையும். வெட்டு தொடங்கி முடியும் புள்ளியும் இப்படித்தான், அங்கே கதிர் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது. அந்தப் புள்ளி பாலத்தின் ஓரத்தில் வராமல் அகலமான காகிதத்தின் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

வெட்டும் வரிசை கோப்பின் குற்றமல்ல, ஆனாலும் பாலங்கள் அதனாலும் அறும். வெளிவட்டத்தை முதலில் வெட்டிவிட்டால் மொத்தக் காகிதமும் விடுபட்டு, காற்றுக் குழாயின் ஊதலில் நகர்ந்துவிடும். அப்புறம் உள்ளே வெட்டுவதெல்லாம் இடம் தவறி விழும். உள்ளே இருப்பதை முதலில், வெளிக்கோட்டைக் கடைசியில். லைட்பர்னில் இதற்கு `Cut inner shapes first` என்ற தேர்வு இருக்கிறது.

காகிதத்துக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு. ஆலையில் தாள் ஓடிய திசையில் நார்கள் பெரும்பாலும் படிந்திருக்கும். தாளை இரண்டு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு வாக்கில் இலகுவாக உருளும், மறு வாக்கில் எதிர்க்கும். இலகுவாக உருளும்போது உருளையின் நீளம் எந்தத் திசையோ அதுவே நார் ஓட்டம். ஒல்லியான நீண்ட பாகங்கள் அந்தத் திசையோடு போனால் விறைப்பாக இருக்கும், குறுக்கே போனால் துவளும். நம் வடிவத்தில் ஊஞ்சல் கயிறு செங்குத்து, கிளை கிடைமட்டம். கிளை இப்போது இரு பக்கமும் பிடிபட்டுவிட்டது, கயிறு இன்னும் ஒல்லிதான். அதனால் நார் செங்குத்தாக ஓடும்படி தாளை வைப்பேன்.

இவ்வளவு பார்த்தபின்னும் 0.8 போதுமா, 1 வேண்டுமா என்று இழுபறியாக இருந்தால், வாதாடுவதைவிட ஒரு துண்டை வெட்டிப் பார்ப்பது விரைவு. 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 மி.மீ. அகலத்தில் பாலங்களை வரிசையாக வரையுங்கள். ஒரு வரிசை 5 மி.மீ. நீளம், இன்னொரு வரிசை 20. உண்மையான வேலைக்கு வைத்திருக்கும் அதே தாளில், அதே சக்தியிலும் வேகத்திலும் வெட்டுங்கள். வெட்டியதை எந்திரத்தின் தேன்கூட்டு மேடையிலிருந்து சாதாரணமாக எப்படி எடுப்பீர்களோ அப்படியே எடுங்கள், பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டாம். மேடையிலேயே அறுந்தது எது, கையில் முறுக்கியது எது, ஓரம் முழுக்கப் பழுப்பாகி நடுவில் வெள்ளையே மிஞ்சாதது எது என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இன்று அறாமல் இருந்தாலும் ஒருமுறை மடங்கினால் ஒடிந்துவிடும். இரண்டு வரிசையிலும் பிழைத்த மிகச்சிறிய அகலம்தான் அந்தத் தாளுக்கும் அந்த எந்திரத்துக்கும் உரிய வரம்பு. வெள்ளை எல்லைக்கோடு சோதனையில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். வேறு தாள் வாங்கினால் இன்னொரு துண்டு வெட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, அளவைச் சுருக்கும் ஆசை. 140 மி.மீ. வேலை நன்றாக வந்துவிட்டது, இதையே சின்னதாகப் பரிசு அட்டையில் தொங்கவிடலாமே என்று மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கினால், 1 மி.மீ. பாலம் 0.67 ஆகும். ஆனால் லேசர் கதிர் உங்களுக்காகச் சுருங்காது. அது அதே 0.15ஐ எடுக்கும், மிஞ்சுவது அரை மில்லிமீட்டர் சொச்சம். தேறிய கோப்பு என்று எதுவும் கிடையாது, ஓர் அளவில் தேறிய கோப்பு மட்டுமே உண்டு. சுருக்கியபின் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும். எல்லைக்கோட்டு அகலம் வடிவத்தோடு சேர்ந்து சுருங்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் வரம்பும் சேர்ந்தே சுருங்கி எல்லாம் தேறியதாகக் காட்டும். சின்ன அளவுக்கு இலைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி ஒவ்வொன்றையும் பெரிதாக்குவேன், ஊஞ்சலை எடுத்தே விடுவேன். அந்த அளவில் ஊஞ்சல் இருந்தாலும் யார் கண்ணிலும் படப்போவதில்லை.